ஒரு மில்லிக்கு இருபத்து நாலு லட்சம்

வில்பிரட்டுக்கும் தபீதாளுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. சென்னையை அடுத்த அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு பேரும் பிழைப்புக்குச் செய்தது ஒரே காரியம்தான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு எண்ணினார்கள்.

தபீதாள் குரோம்பேட்டையில் டாக்டர் எட்மண்டின் கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். ரத்தத்தின் வெள்ளை அணுக்களை எண்ணுவாள். வில்பிரட் எண்ணியது பாசி. கோவளத்துக்குப் பக்கத்தில், கடற்கரையை ஒட்டி, ஜெயவேலு என்பவர் ஒரு இறால் குஞ்சுப் பொரிப்பகம் வைத்திருந்தார். 1993-ல் அந்தக் கரையோரம் இப்படிப் பல ஹேச்சரிகள் முளைத்துக்கொண்டிருந்தன. அங்கே குஞ்சுகளுக்கு உணவாகும் பழுப்புப் பாசியை வளர்த்து, அளந்து ஊட்டுவது வில்பிரட்டின் வேலை. தினமும் டி.வி.எஸ். ஐம்பது மொபெட்டில் மேடவாக்கம், சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம் வழியாகப் போய் வருவான்.

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். முதல் மாதங்களில் என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. ஒருநாள் சாயங்காலம், சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே தபீதாள், "இன்னிக்கு ஒருத்தருக்கு முப்பத்தெட்டாயிரம் வந்துச்சுங்க. எண்ணி எண்ணிக் கண்ணே பூத்துப் போச்சு" என்றாள். "எனக்குப் பதிமூணு லட்சம்" என்றான் வில்பிரட். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு பேச்சுக்குக் குறைவில்லை.

எண்ணுகிற கருவி இருவருக்கும் ஒன்றுதான். தடித்த கண்ணாடித் துண்டு. அதன் நடுவில் ஆழமில்லாத ஒரு பள்ளம். பள்ளத்தின் தரையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளால் கட்டங்கள் கீறியிருக்கும். மேலே ஒரு மூடு கண்ணாடியை வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால், நீர் தானாக உள்ளே ஊர்ந்து பள்ளத்தை நிரப்பும். சேம்பர் என்பார்கள். வில்பிரட் வைத்திருந்த சேம்பரில் நடுக் கட்டம் ஒரு மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம். பள்ளத்தின் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆக அந்தக் கட்டத்தின் மேல் நிற்கிற நீர், ஒரு மில்லியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கட்டத்துக்குள் நூற்றிருபது பாசி இருந்தால், பத்தாயிரத்தால் பெருக்கினால் ஒரு மில்லிக்குப் பன்னிரண்டு லட்சம். அதை வைத்துத்தான் தொட்டி முழுவதற்கும் கணக்கு.

குஞ்சுத் தொட்டி ஒவ்வொன்றும் ஆறாயிரம் லிட்டர். அதில் மில்லிக்கு எண்பதாயிரம் பாசி இருக்க வேண்டும். பன்னிரண்டு லட்சப் பாசியாக இருந்தால் ஒரு தொட்டிக்கு நானூறு லிட்டர். இருபது லிட்டர் பக்கெட்டில் இருபது பக்கெட். வில்பிரட் நோட்டில் எழுதிச் சொல்வான். அஞ்சம்மாள் தூக்கி ஊற்றுவாள். அவள் கோவளத்துக்காரி, முப்பத்தைந்து வயது, அந்த ஹேச்சரியில் முதல் நாளிலிருந்து இருப்பவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வில்பிரட் சேம்பரைக் கழுவும்போது கை வழுக்கியது. குழாய் முனையில் பட்டு இரண்டாகப் பிளந்தது. அதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது. நான்கு தொட்டிகளிலும் அப்போதுதான் பொரிந்த குஞ்சுகள். முட்டையிலிருந்து வந்ததும் ஒன்றரை நாள், இரண்டு நாள் அவை எதுவும் சாப்பிடாது. வயிற்றிலேயே கட்டுச்சோறு இருக்கும். அது தீர்ந்து, உருவம் மாறி, முதன்முதலாக வாயைத் திறக்கும்போது பாசி தயாராக இருக்க வேண்டும்.

ஜெயவேலு கோபிக்கவில்லை. "கண்ணாடின்னா ஒடையத்தான் செய்யும் தம்பி. நாளைக்கு நானே பாரீஸ் கார்னர் போயி வாங்கியாறேன்" என்றார்.

ஜெயவேலு அஸ்தினாபுரத்துக்காரர்தான். அப்பா காலத்தில் நெல் போட்ட நிலமெல்லாம் மனைகளாகிவிட்டன. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், யாரோ சொன்னார்கள் என்று கடற்கரைக்கு வந்தவர். படிப்பு எட்டாவது. ஆனால் தினமும் காலையில் வந்ததும் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, "இன்னா கண்ணுங்களா, நல்லா கீறீங்களா?" என்று விசாரிக்காமல் அறைக்குள் நுழைய மாட்டார்.

புதன்கிழமை அவர் வாங்கிவந்த சேம்பர் நீல நிற வெல்வெட் டப்பாவில் இருந்தது. கோடு கீறிய பரப்பு பழையதைவிடப் பெரியது. கோடுகளும் வேறு மாதிரி. நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பதினாறு சின்னக் கட்டங்கள். "கடைக்காரன்கிட்ட ரெண்டு தபா கேட்டேன். எண்றதுக்கு எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னான்" என்றார் ஜெயவேலு. டப்பாவில் இருந்த துண்டுத் தாளை வில்பிரட் பார்த்தான். பெரிய கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. அது போதும் என்று நினைத்தான். தாளின் பின்பக்கத்தைத் திருப்பவில்லை.

வியாழக்கிழமை காலையில் குஞ்சுகள் வாய் திறந்தன. வில்பிரட் பாசித் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து எண்ணினான். ஒரு கட்டத்துக்கு இருநூற்று நாற்பது. நம்பாமல் இன்னொரு சொட்டு எடுத்தான். இருநூற்று முப்பத்தெட்டு. மில்லிக்கு இருபத்து நாலு லட்சம்! இதுவரை பதிமூன்றைத் தாண்டியதில்லை. அந்த வாரம்தான் பாசிக்குப் போடும் உரத்தில் சிலிக்கேட்டைக் கொஞ்சம் கூட்டியிருந்தான். அதனால்தான் என்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தபீதாளிடம் சொல்லலாமென்றால் அவள் வீட்டில் இல்லை. அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று பொழிச்சலூருக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"தொட்டிக்குப் பத்து பக்கெட் போதும்" என்றான் அஞ்சம்மாளிடம்.

"இன்னா சார், எப்பவும் இருபதாச்சே?"

"பாசி இந்தத் தடவை ரெண்டு மடங்கு கெட்டி."

அஞ்சம்மாள் பக்கெட்டில் கையை விட்டுப் பார்த்தாள். "அதே கலருதான் சார் கீது" என்றாள். ஆனாலும் பத்தே ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு பீக்கரில் குஞ்சுத் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வயிறு நிறைந்த குஞ்சுக்கு வால் பக்கம் நூல் போலக் கழிவு நீளமாகத் தொங்கும். உடம்பைவிட நீளமாக இழுத்துக்கொண்டு திரியும். அதைப் பார்த்துத்தான் குஞ்சு சாப்பிடுகிறதா என்று சொல்வார்கள்.

"நூலையே காணோம் சார். அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. அதுவும் அறுந்து அறுந்து வருது. பசியா கீதுங்க சார்."

வில்பிரட் குஞ்சுத் தொட்டியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து எண்ணினான். மில்லிக்கு ஐம்பதாயிரம் பாசி மிச்சம் என்று வந்தது. "சாப்பாடு தொட்டியிலேயே இருக்கு அஞ்சம்மா. இருந்தும் திங்கலைன்னா பசி இல்ல, சீக்கு" என்றான்.

அவன் கணக்கை எந்த வழியில் சரிபார்த்தாலும் சரியாகவே வந்தது. ஏனென்றால் பாசித் தொட்டியையும் குஞ்சுத் தொட்டியையும் அவன் அளந்தது ஒரே கண்ணாடியால். ஒன்றில் பொய் சொன்ன கண்ணாடி மற்றதிலும் அதே பொய்யைச் சொன்னது.

சனிக்கிழமை குஞ்சுகள் துவண்டன. மேலே துள்ளவேண்டியவை அடியில் படிந்தன. தோல் உரித்து அடுத்த பருவத்துக்குப் போகவேண்டிய நாள். பாதிக்கு மேல் உரிக்கவே இல்லை. வில்பிரட் மைக்ராஸ்கோப்பில் குஞ்சுகளையே வைத்துப் பார்த்தான். நோயின் அடையாளம் எதுவும் பிடிபடவில்லை. அந்த வருஷம் அந்தக் கரையில் இரண்டு மூன்று ஹேச்சரிகளில் கிருமி வந்து தொட்டி தொட்டியாகச் செத்திருந்தன. எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஜெயவேலு ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். பிறகு, "சீக்குன்னா விட்டு வெக்கக் கூடாது தம்பி. தாய் இறாலுக்கும் ஏறிக்கும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நாலு தொட்டியிலயும் பிளீச்சிங் பவுடர் போட்டு அழிச்சிடலாம்" என்றார். "நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. வூட்டுக்குப் போ. காலையில மெதுவா வா."

ஞாயிற்றுக்கிழமை காலை. தபீதாள் முந்தின சாயங்காலம்தான் பொழிச்சலூரிலிருந்து திரும்பியிருந்தாள். கோயிலுக்குப் போக அவள் புடவை கட்டித் தயாராகி வந்தபோது வில்பிரட் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, ஆராதனைக்கு நேரமாச்சே?"

"நீ போயிட்டு வா. எனக்கு ஹேச்சரிக்குப் போகணும்."

"ஞாயித்துக்கெழமையா?"

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். முந்தின இரவு, அக்கா குழந்தைக்காகக் கண்விழித்த களைப்பில் அவள் சீக்கிரம் தூங்கிவிட்டிருந்தாள். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எல்லாவற்றையும் சொன்னான். சேம்பர் உடைந்ததிலிருந்து பிளீச்சிங் பவுடர் வரை. கடைசியில், "இத்தனைக்கும் பாசி இதுவரைக்கும் இல்லாத மாதிரி இருந்துச்சு, தபீதா. மில்லிக்கு இருபத்து நாலு லட்சம். உன்கிட்ட சொல்லணும்னு ஆசையா இருந்தேன்" என்றான்.

"எப்பவும் எவ்வளவு வரும்?"

"பன்னெண்டு. எப்பவாச்சும் பதிமூணு."

"பாசியோட நிறம் மாறிச்சா?"

"அஞ்சம்மா அதே நிறம்தான்னு சொன்னா."

தபீதாள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க லேப்ல கவுண்ட் கூட வந்தா ஒண்ணும் நினைக்க மாட்டோம். சரியா ரெட்டிப்பா வந்தா பயப்படுவோம்" என்றாள். "நோய் கணக்குப் பாத்து ரெட்டிப்பா ஏறாதுங்க. நம்ம கைதான் அப்படிச் செய்யும். புது சேம்பர்ல கோடு எப்படி இருந்துச்சு? வரைஞ்சு காட்டுங்க."

போன வாரத்துக் கோயில் அறிக்கைத் தாளின் பின்புறத்தில் அவன் வரைந்தான். நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். ஒவ்வொன்றுக்குள்ளும் பதினாறு.

அவள் பார்த்ததும் பேனாவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இது ரத்தம் எண்றது இல்லைங்க. இது முதுகுத் தண்ணி எண்றது. மூளைக் காய்ச்சல்னு சந்தேகம் வந்தா முதுகுத்தண்டுலேருந்து எடுப்பாங்களே, அந்தத் தண்ணி. அதுல அணு ரொம்பக் கொஞ்சமா இருக்கும். அதனால நிறைய தண்ணி பிடிக்கிற மாதிரி பள்ளத்தை ஆழமா வெட்டியிருப்பாங்க. நம்மளது பத்துல ஒண்ணு. இது பத்துல ரெண்டு."

வில்பிரட் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ரெண்டு மடங்கு ஆழம்" என்றாள் அவள் மெதுவாக. "ஒரே கட்டத்து மேல ரெண்டு மடங்கு தண்ணி. ரெண்டு மடங்கு பாசி தெரியும். நீங்க பத்தாயிரத்தால பெருக்கிட்டீங்க. அஞ்சாயிரத்தால பெருக்கணும்."

"அப்ப பாசி பன்னெண்டு லட்சம்தான்."

"ஆமா."

"பாதி சாப்பாடுதான் போட்டிருக்கேன். மூணு நாளா." அவன் எழுந்து நின்றான். மறுபடியும் உட்கார்ந்தான். "அஞ்சம்மா முதல் நாளே சொன்னா. மறுநாள் பசின்னும் சொன்னா. நான் கேக்கலையே தபீதா."

"மணி எட்டே முக்கால். சட்டையப் போடுங்க" என்றாள்.

ஹேச்சரிக்கு இன்னும் போன் இணைப்பு வரவில்லை. நேரில்தான் போக வேண்டும். போகிற வழியில் குரோம்பேட்டைக்குத் திரும்பி கிளினிக்கில் நிறுத்தச் சொன்னாள். டாக்டர் எட்மண்ட் மாடியிலேயே குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவையில் வந்து நின்ற தபீதாளைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பதறினார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, லேப் சாவியை எடுத்துக் கொடுத்தார். "இறாலுக்கும் கவுண்ட் எடுக்க ஆரம்பிச்சுட்டியா? ஒடைக்காம கொண்டு வா." அவள் தன்னுடைய சேம்பரைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. டி.வி.எஸ். ஐம்பது இரண்டு பேரை வைத்துக்கொண்டு முக்கிக்கொண்டு போயிற்று. மேடவாக்கத்துக்கு அப்பால், காற்றில் கேட்கும்படி அவன் காதருகே வந்து தபீதாள் சொன்னாள்.

"வேலைக்குச் சேர்ந்த வருஷம் நானும் ஒண்ணு பண்ணேன். ஒரு டெய்லர் வயித்து வலின்னு வந்தார். வெள்ளை அணு இருபத்தோராயிரம்னு எழுதிக் குடுத்தேன். அவ்வளவு இருந்தா குடல்வால் வீங்கியிருக்குன்னு ஆபரேஷனுக்கு அனுப்பிடுவாங்க. டாக்டர் வயித்தை அமுக்கிப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டார். 'இவர் வயிறு ஒண்ணு சொல்லுது, உன் பேப்பர் ஒண்ணு சொல்லுது. எனக்கு வயித்து மேலதான் நம்பிக்கை, போய்த் திரும்ப எண்ணு'ன்னார். பிப்பெட்டுல அரைக் கோடு வரைக்கும் இழுக்க வேண்டிய ரத்தத்தை நான் முழுக் கோடு வரைக்கும் இழுத்திருந்தேன். தண்ணி கலந்தது பாதியாப் போச்சு. கவுண்ட் ரெட்டிப்பாயிடுச்சு. உண்மையில பத்தாயிரத்துச் சொச்சம்தான்."

"டெய்லர் என்ன ஆனார்?"

"ரெண்டு நாள்ல சரியாயிட்டார். நான்தான் ஒரு வாரம் அழுதேன்."

வில்பிரட் வண்டிக் கண்ணாடியில் அவளைப் பார்க்க முயன்றான். புடவைத் தலைப்புதான் பறந்துகொண்டிருந்தது.

அவர்கள் கோவளம் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. ஹேச்சரிக்குள் நுழையும்போதே பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. வில்பிரட் வண்டியை ஸ்டாண்ட் போடாமலே விட்டுவிட்டு ஓடினான். தபீதாள்தான் அது விழாமல் பிடித்துக்கொண்டாள்.

முதல் தொட்டியில் போட்டுவிட்டிருந்தார்கள். நீர் வெளிறிக் கிடந்தது. ஜெயவேலு இரண்டாவது தொட்டியின் பக்கத்தில், பவுடர் கரைத்த வாளியோடு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். அஞ்சம்மாள் குறுக்கே நின்று அவரோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு மணின்னுதானே மொதலாளி சொன்னே? சார் வரட்டும்!"

"அண்ணா, நிறுத்துங்க!" என்று கத்தினான் வில்பிரட். "சீக்கு இல்ல. பட்டினி. நான் பட்டினி போட்டுட்டேன்."

ஜெயவேலு வாளியைக் கீழே வைத்தார். வில்பிரட் மூச்சு வாங்கச் சொன்னது அவருக்குப் பாதிதான் புரிந்தது. சேம்பர் என்கிறான், ஆழம் என்கிறான். மூன்று நாளாக மனம் ஒடிந்துபோன பையன் குஞ்சுகளைக் காப்பாற்ற எதையோ பிடித்துக்கொள்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. பின்னாலேயே வந்த தபீதாளைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்தார்.

"நீயே சொல்லும்மா. இது நெஜமாவா?"

"நீங்களே எண்ணிப் பாத்துடுங்கண்ணா" என்றாள் தபீதாள்.

எண்ணுகிற அறை ஒரு சின்ன ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. வில்பிரட் நீல டப்பாவிலிருந்து புது சேம்பரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். ஓரத்தில் கடுகுக்கும் சின்னதாகப் பொறித்திருந்தது: 0.2 மி.மீ. அதற்குப் பக்கத்தில் தபீதாள் தன்னுடையதை வைத்தாள். 0.1 மி.மீ. வில்பிரட் அந்த இரண்டு எண்களையும் பார்த்தபடியே நின்றான். நான்கு நாளாகத் தினம் நாலு முறை துடைத்த கண்ணாடி.

பாசித் தொட்டியில் ஒரே குழாயில் எடுத்த நீரை நன்றாகக் குலுக்கி, இரண்டு சேம்பரிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார்கள். பாசி அடியில் படியச் சில நிமிஷம் காத்திருந்தார்கள். ஜெயவேலு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை நாள் அவர் அந்தக் குழலில் கண் வைத்ததே இல்லை.

"யப்பா! கேழ்வரகைக் கொட்டினா மாதிரி கீதே!"

"ஒரு பெரிய கட்டம் மட்டும் எண்ணுங்க. மேல்கோட்டுலயும் இடது கோட்டுலயும் ஒட்டிக்கிட்டிருக்கிறதைச் சேர்த்துக்குங்க. கீழ்க்கோடு, வலது கோடு ரெண்டையும் விட்டுடுங்க. இல்லன்னா ஒண்ணையே ரெண்டு தடவை எண்ணிடுவோம்" என்றாள் தபீதாள்.

அவர் உதடு அசைய எண்ணினார். நடுவில் தப்பி, "த்சொ" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில், "இருநூத்தி நாப்பத்தி ஒண்ணு" என்றார். தபீதாள் சேம்பரை மாற்றி வைத்தாள். இந்த முறை அவர் வேகமாகவே எண்ணினார்.

"நூத்திப் பதினேழு." தலையைத் தூக்கினார். "ஒரே தண்ணிதானே ரெண்டும்?"

"ஒரே தண்ணி."

"சரியா பாதி இல்லியே? நாலு கொறையுது."

"சொட்டுக்குச் சொட்டு பத்து, பன்னெண்டு முன்னப்பின்ன இருக்கும்ணா. அது இயற்கை. ஒண்ணு ரெண்டாகுறதுதான் இயற்கை இல்ல" என்றாள் தபீதாள்.

ஜெயவேலு கொஞ்ச நேரம் அந்த இரண்டு கண்ணாடிகளையும் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய், பவுடர் வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லைப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு வந்தார்.

வில்பிரட் மூன்று தொட்டிகளையும் தபீதாளின் சேம்பரில் எண்ணினான். மில்லிக்கு முப்பதாயிரம், இருபத்தெட்டாயிரம், முப்பதாயிரம். எண்பதாயிரத்துக்குக் கொண்டுபோக ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஐம்பதாயிரம் வேண்டும். ஆறாயிரம் லிட்டருக்கு அது இருநூற்றைம்பது லிட்டர் பாசி. பன்னிரண்டரை பக்கெட். "ஒரேடியா ஊத்த வேணாம். துவண்டு கிடக்குதுங்க. இப்ப ஏழு, சாயங்காலம் மிச்சம்" என்றான் அஞ்சம்மாளிடம். பிறகு, எல்லார் முன்னாலும், "நீ சொன்னதுதான் சரி அஞ்சம்மா. நான் கேட்டிருக்கணும்" என்றான்.

"பரவால்ல வுடு சார்" என்று சொல்லிக்கொண்டே அவள் பக்கெட்டைத் தூக்கிவிட்டாள். இன்னொரு பக்கெட்டைத் தபீதாள் தூக்கினாள். "ஐயே, பட்டுப் பொடவையோட இன்னாக்கா நீ?" என்றாள் அஞ்சம்மாள். தபீதாள் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மெல்லிய துணியைப் பக்கெட் வாயில் கட்டி, அதன் வழியே பழுப்பு நீரைத் தொட்டிகளில் ஊற்றினார்கள். காற்றுக் குழாய் குமிழ் விட்ட இடத்திலிருந்து அது மேகம் போலப் பரவியது.

காத்திருந்தார்கள். வில்பிரட்டால் தொட்டிப் பக்கம் போக முடியவில்லை. வெளியே, வெளுத்துக் கிடந்த முதல் தொட்டியின் பக்கத்தில் நின்றான். ஜெயவேலுவும் வந்து நின்றார்.

"அவசரப்பட்டுட்டேன் தம்பி" என்றார். "தூக்கம் புடிக்கல. விடிஞ்சதும் வந்துட்டேன். அதுங்க படுற பாட்டப் பாக்க முடியல. சீக்கிரம் முடிச்சுடலாம்னு..." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்கியாந்ததும் நான்தான். கடைக்காரன் சொன்னத நம்பி."

"படிச்சுப் பாக்காம எண்ணினது நான்."

அரைமணி நேரம் போயிருக்கும். உள்ளேயிருந்து அஞ்சம்மாள் கூப்பிட்டாள். அவள் பீக்கரை ஜன்னலுக்கு நேரே பிடித்திருந்தாள். தபீதாள் பக்கத்தில் குனிந்து நின்றாள். பீக்கருக்குள் தூசிபோலக் குஞ்சுகள் நடுங்கி நடுங்கி நீந்தின. அவற்றில் பலவற்றின் பின்னால் மெல்லிய பழுப்பு நூல். சிலவற்றுக்கு உடம்பளவு. சிலவற்றுக்கு அதற்கும் மேலே.

"துன்னுதுங்க சார்" என்றாள் அஞ்சம்மாள்.

வில்பிரட் பீக்கரை வாங்கினான். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். தபீதாள் அவன் முதுகில் கை வைத்தாள். கல்யாணமான இந்த எட்டு மாதத்தில் மற்றவர்கள் பார்க்க அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஜெயவேலு குனிந்து, "இன்னா கண்ணுங்களா" என்று ஆரம்பித்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. பட்டினியில் ரொம்பத் துவண்டவை அன்றும் மறுநாளும் செத்தன. இரண்டாவது தொட்டியில் பாதிதான் தேறியது. மற்ற இரண்டிலும் பத்துக்கு ஆறு. வழக்கமாகத் தேறுவதைவிடக் குறைவுதான். திங்கட்கிழமை வில்பிரட் பாரீஸுக்குப் போய், கடையிலேயே நின்று ஆழத்தைப் படித்துப் பார்த்துப் புது சேம்பர் வாங்கிவந்தான். ஆழமான சேம்பரைத் தூக்கிப் போட வேண்டாம் என்று தபீதாள் சொன்னாள். குஞ்சுத் தொட்டியில் மிச்சப் பாசி குறைவாக இருக்கும்போது அதில்தான் நன்றாக எண்ணலாம், ஐயாயிரத்தால் பெருக்கினால் போதும். டப்பாவின் மேல் வில்பிரட் சிவப்பு மையில் அந்த எண்ணை எழுதி ஒட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், தபீதாள் தானாகவே, "போலாமா?" என்றாள். ஜெயவேலு அன்று வீட்டிலிருந்து மனைவி தாயாரம்மாளையும் அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாள் ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய வெல்லப் பொங்கல் கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து வாழை இலைத் துண்டில் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கையோடு அஞ்சம்மாள் தபீதாளைத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

குஞ்சுகள் அடுத்த உருவம் எடுத்திருந்தன. நீண்டு, குட்டி இறால்போலவே இருந்தன. ஆனால் எல்லாம் தலைகீழாகத் தொங்கின. தலை கீழே, வால் மேலே. அப்படியே பின்பக்கமாகத் துள்ளித் துள்ளிப் போயின.

"ஐயோ, என்னங்க இது? எல்லாம் கவுந்து கிடக்குதே!" என்று பதறினாள் தபீதாள்.

வில்பிரட் வாய்விட்டுச் சிரித்தான். "இந்தப் பருவத்துல அது அப்படித்தான் நீந்தும். நல்லா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு மூணு நாள்ல நேராயிடும்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

அவள் நம்பாமல் அஞ்சம்மாளைப் பார்த்தாள். அஞ்சம்மாள் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் தபீதாள் தொட்டி விளிம்பில் கையூன்றி, நன்றாகக் குனிந்து பார்க்கத் தொடங்கினாள். வில்பிரட் பக்கத்தில் வந்து நின்றான். எண்ண வேண்டிய வேலை எதுவும் அப்போது இல்லை. இருவரும் வெகுநேரம் அங்கேயே நின்றார்கள்.